எண்ணிய பிறகே கையெழுத்து

லாரி டிரைவர் நீட்டும் ரசீதில் எந்தக் குறிப்பும் எழுதாமல் கிடங்குக்காரர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் வைத்துக் கொடுத்தால், ரசீதில் கண்ட அத்தனையும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். மறுநாள் இரண்டு பெட்டி குறைகிறது என்று போன் செய்தால், லாரி ஆபீஸ்காரர் அந்த ரசீதைத்தான் எடுத்துக் காட்டுவார். அனுப்பிய கம்பெனியும் அதையேதான் காட்டும். தொலைந்தது வழியிலா, அனுப்பிய இடத்திலா, நம் குடோனுக்குள்ளேயா என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அதனால் கிடங்கின் இறக்குமேடையில், லாரி வந்து நின்றதிலிருந்து அது கிளம்பும் வரையுள்ள ஓரிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கம்பெனிகளில் அது சுவரில் ஒட்டிய தாளாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாதவர்கள்தான் அவசரத்தில் ஏதாவது ஒரு வரியைத் தாண்டிப் போகிறார்கள்.

ஒரு லோடையே கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். சென்னைக்கு வெளியே, செங்குன்றம் பக்கம் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரியிலுள்ள ஒரு கம்பெனிக்கு அவர் பர்சேஸ் ஆர்டர் அனுப்பியிருக்கிறார். அதில் மூன்று பொருள்கள். துணி சோப்பு 135 பெட்டி, பெட்டிக்கு 24 கட்டி. ஷாம்பு 50 பெட்டி, பெட்டிக்கு 36 பாட்டில். தேங்காய் எண்ணெய் 80 பெட்டி, பெட்டிக்கு 20 பாட்டில். ஆக மொத்தம் 265 பெட்டி. காலை பத்து மணிக்கு லாரி கேட்டில் வந்து நிற்கிறது.

கேட்டில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். செக்யூரிட்டி வரவுப் பதிவேட்டில் வண்டி எண், நேரம், டிரைவர் பெயர், பில் எண் ஆகியவற்றை எழுதுகிறார். டிரைவரிடம் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: கம்பெனி போட்ட பில், லாரி ஆபீஸ் கொடுத்த எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது, இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி வரக்கூடாது. சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள் கணக்கிடப்படுகிறது. அதில் உள்ள வண்டி எண்ணும் எதிரில் நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றியிருந்தால் அது இங்கேயே தெரிந்துவிடும். இடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிய சரக்கில் உடைசலும் குறைவும் கூடுதலாக இருக்கும் என்பதால், எண்ணுகிறவருக்கு இந்தச் செய்தி தேவை.

கேட்டில் பார்க்க வேண்டியதில் இன்னொன்று, பில்லில் பர்சேஸ் ஆர்டர் எண் இருக்கிறதா என்பது. எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆர்டரில் இன்னும் வரவேண்டிய பாக்கி இருக்கிறதா என்பதையும் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். போன வாரமே முழுதாக வந்து முடிந்த ஆர்டருக்கு, கம்பெனியின் டெப்போவிலிருந்து மறுபடியும் ஒரு லோடு கிளம்பி வருவது நடக்கக்கூடியதுதான். அப்படிப்பட்ட லோடை இறக்கிவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, வண்டியை கேட்டில் நிறுத்திவிட்டு பர்சேஸ் ஆபீசுக்கு ஒரு போன் போடுவது சுலபம். ஆர்டர் இல்லாத சரக்கை இறக்குவதில்லை என்ற விதி இதற்காகத்தான்.

நம் லோடுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. வண்டி பின்பக்கமாக மேடையோடு வந்து அணைகிறது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டிச் சாவியை டிரைவரிடமிருந்து வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆள் உள்ளே சரக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தால் உயிர் போகும். அதன் பிறகு சீல். மூடிய வண்டியானால் கதவின் சீல் எண்ணை பில்லிலோ எல்.ஆரிலோ உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு ஒப்பிட்டால் அது ஆதாரமாகாது. எண் மாறியிருந்தாலோ சீலே இல்லாவிட்டாலோ கதவைத் திறக்காமல் அனுப்பியவரைக் கூப்பிட வேண்டும். தார்ப்பாய் போட்ட திறந்த வண்டிக்கு சீல் கிடையாது. அங்கே கயிறு, தார்ப்பாயின் கிழிசல், ஈரம் இவற்றைத்தான் பார்க்க முடியும்.

இனி எண்ணுவது. இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எண்ணுகிறவர் கையில் பில்லைக் கொடுக்கக்கூடாது. பொருள்களின் பெயர் மட்டும் எழுதி, எண்ணிக்கைக்கு இடம் காலியாக விட்ட ஒரு தாளைத்தான் கொடுக்க வேண்டும். பில்லில் 135 என்று பார்த்துவிட்டு எண்ணப் போகிறவருக்கு 135 கிடைக்கும்வரைதான் பொறுமை இருக்கும். 133 வந்தால் தான் எங்கோ தவறவிட்டதாக நினைத்து, இரண்டைச் சேர்த்து எழுதிவிடுவார். அவர் நேர்மையில் குறையில்லை. எதிர்பார்த்த எண்ணையே கண்ணுக்குக் காட்டுவது மனதின் சுபாவம். எண்ணிக்கை சரக்கிலிருந்து வர வேண்டும். தாளிலிருந்து வந்தால் அது எண்ணிக்கை இல்லை, படியெடுத்தல்.

காலித் தாள் கொடுக்க முடியாது, அதற்கு ஆள் போதாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆள் அதே ஆள்தான், நேரமும் ஏறக்குறைய அதேதான். பில்லைக் கையில் வைத்திருப்பவர் மேடையில் இல்லாமல் ஆபீசில் இருக்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

எங்கள் பக்கம் சரக்கு பெரும்பாலும் லாரிக்குள் தரையோடு அடுக்கித்தான் வருகிறது. லோடுமேன்கள் அதை இறக்கி மேடையில் பேலட் மேல் அடுக்குகிறார்கள். நம் கணக்கில் சோப்புப் பெட்டி ஒரு அடுக்குக்கு மூன்றுக்கு மூன்று, அதாவது ஒன்பது. அப்படி ஐந்து அடுக்கு வைத்தால் பேலட்டுக்கு 45. மூன்று பேலட் நிறைந்தால் 135. எல்லாம் முடிந்த பிறகு வந்து வெளியிலிருந்து அடுக்கைப் பெருக்கிப் பார்த்தால் 135 என்றுதான் வரும். ஆனால் மூன்றுக்கு மூன்று அடுக்கில் நடுப்பெட்டி நாலு பக்கத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாது. மேலடுக்கு முழுதாக இருந்துவிட்டால், கீழே எந்த அடுக்கில் நடுப்பெட்டி இல்லை என்று வெளியே நின்று கண்டுபிடிக்கவே முடியாது. கடைசி பேலட்டில் பெட்டி போதாமல் போகும்போது, அடுக்கு பார்க்க நேராக இருக்கட்டும் என்று நடுவை விட்டுவிட்டு ஓரத்தை நிரப்புவது வழக்கமாக நடப்பது.

இதற்கு வழி, அடுக்கும்போதே நின்று எண்ணுவது. ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் தாளில் ஒரு கோடு. அடுக்கில் ஒன்பது இல்லாவிட்டால் அங்கேயே அந்த எண்ணை எழுத வேண்டும். நம் லோடில் மூன்றாவது பேலட்டின் இரண்டாவது, நான்காவது அடுக்குகளில் எட்டெட்டுப் பெட்டிதான் வந்தது. ஆக 133. எண்ணுகிறவர் சற்று நேரம் நகர்ந்திருந்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. பேலட்டை எடைபோடலாம். 250 கிராம் சோப்பு 24 கட்டி என்றால் பெட்டி ஆறு கிலோவுக்கு மேல். ஒரே மாதிரி இருக்கும் மூன்று பேலட்டில் ஒன்று மட்டும் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ குறைந்தால் உள்ளே இரண்டு பெட்டி இல்லை.

அடுத்தது ஷாம்பு. எண்ணினால் 50 பெட்டி. ஆர்டரில் 50, பில்லில் 50, எல்.ஆரில் 50. மூன்றும் ஒத்துப்போகிறது என்று டிக் போட்டுவிட்டு நகரத் தோன்றும். ஆனால் பெட்டியின் பக்கவாட்டு அச்சில் 24 பாட்டில் என்று இருக்கிறது. முன்பு 36 பாட்டில் வைத்து அனுப்பிய கம்பெனி இப்போது பெட்டியைச் சின்னதாக்கியிருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் இந்தப் பொருளுக்கு இன்னும் பெட்டிக்கு 36 என்றே பதிவாகியிருக்கிறது. 50 பெட்டி வரவு என்று தட்டினால் இருப்பில் 1,800 பாட்டில் ஏறும். உண்மையில் வந்தது 1,200. இல்லாத 600 பாட்டில் கணக்கில் உட்கார்ந்துகொண்டு, கடைக்காரர்களிடம் ஆர்டர் வாங்கிக்கொண்டிருக்கும். வருஷக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது திருட்டு என்று யார் மேலாவது பழி விழும்.

குறைவு, உடைசல் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இந்த வகைப் பிசகுதான். இதில் யாரும் ஏமாற்றவில்லை, ஒரு பெட்டியும் தொலையவில்லை, எல்லாத் தாளும் ஒத்துப்போகிறது. ஆர்டரை எந்த அலகில் போட்டோம், பில் எந்த அலகில் வந்தது, இருப்பை எந்த அலகில் வைக்கிறோம் என்பது மட்டுமே பிரிந்து கிடக்கிறது. அதனால் வரவுத் தாளில் பெட்டி எண்ணிக்கையை மட்டும் எழுதவிடாமல், பெட்டி எத்தனை, பெட்டிக்கு எத்தனை, ஆக மொத்தம் எத்தனை என்று மூன்று கட்டம் வைக்கிறார்கள். நடுக் கட்டத்தை அச்சைப் பார்த்து நிரப்பினால் போதாது. பொருளுக்கு, பேட்ச்சுக்கு ஒரு பெட்டியாவது திறந்து எண்ண வேண்டும். எல்லாப் பெட்டியையும் திறப்பது நடக்காத காரியம், தேவையும் இல்லை. பேட்ச் எண்ணும் அச்சும் மாறும் இடத்தில் புதிதாக ஒன்று திறந்தால் போதும். கூடவே விலையையும் பார்த்தாக வேண்டும். நம் பில்லில் 1,200 பாட்டிலுக்குத்தான் பணம் போட்டிருக்கிறார்கள், பாட்டில் விலையும் ஆர்டர்படியே இருக்கிறது. பழைய பெட்டி விலையையே புதிய சிறிய பெட்டிக்கும் போட்டிருந்தால் பாட்டில் விலை ஒன்றரை மடங்காகியிருக்கும்.

மூன்றாவது தேங்காய் எண்ணெய். எண்ணிக்கை 80, சரி. ஆனால் மூன்று பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. அவற்றைத் தனியே எடுத்து, டிரைவர் கண்ணெதிரே திறக்க வேண்டும். அவர் போன பிறகு திறந்தால், நீங்களே கீழே போட்டிருப்பீர்கள் என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறது. திறந்து பார்த்ததில் இரண்டு பெட்டியில் பாட்டில் மூடி உடைந்து, மற்ற பாட்டில்களின் லேபிளெல்லாம் எண்ணெயாகியிருக்கிறது. மூன்றாவது, மேலே இருந்த பெட்டியிலிருந்து சொட்டியதில் நனைந்தது மட்டும்தான். பாட்டில்கள் நன்றாக இருப்பதால் பெட்டி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிராகரிப்பு.

எண்ணெயில் இன்னும் ஒரு விஷயம் இருந்தது. 70 பெட்டி புதிய பேட்ச், 10 பெட்டி எட்டு மாதத்துக்கு முன் தயாரான பழைய பேட்ச். பாட்டிலில் ஆயுள் 18 மாதம் என்று இருக்கிறது. வரும்போது குறைந்தது 12 மாதம் மீதமிருக்க வேண்டும் என்று ஆர்டரில் நிபந்தனை. இந்தப் பத்துப் பெட்டிக்கு மீதம் பத்து மாதம்தான். சரக்கில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆர்டருக்குப் பொருந்தவில்லை. இதை ஏற்பதா மறுப்பதா என்று மேடையில் நிற்பவர் முடிவு செய்யக்கூடாது. விலை குறைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று பர்சேஸ் ஆபீஸ் நினைக்கலாம். எனவே அந்தப் பத்துக்கும் நிறுத்திவைப்பு. கிடங்கில் இதற்கென்று கோடு போட்ட இடமும் அட்டையும் இருக்கும். ஏற்றதற்குப் பச்சை, நிறுத்தியதற்கு மஞ்சள், நிராகரித்ததற்குச் சிவப்பு. கோடு இல்லாத கிடங்கில் நிறுத்திவைத்த சரக்கு இரண்டு நாளில் மற்றதோடு கலந்து விற்பனைக்குப் போய்விடும்.

இப்போது டிரைவர் அவசரப்படுகிறார். “அண்ணே, கையெழுத்து போட்டுக் கொடுங்க, அடுத்த லோடு காத்துட்டு இருக்கு.” அவர் அவசரம் நியாயமானது. ஆனால் ரசீதில் குறிப்பு எழுத முடிவது வண்டி நிற்கும்வரைதான். எல்.ஆரின் எல்லாப் பிரதிகளிலும் இப்படி எழுத வேண்டும்: “265 பெட்டிக்கு 263 பெட்டி வந்தது. துணி சோப்பு 2 பெட்டி குறைவு. தேங்காய் எண்ணெய் 3 பெட்டி நனைந்தது, அதில் 2 பெட்டி உள்ளே கசிவு.” அடியில் தேதி, நேரம், வண்டி எண், நம் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து. டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுதிவிட்டு, அவர் முன்னிலையிலேயே லாரி ஆபீசுக்குப் போன் செய்து, அன்றைக்கே போட்டோவோடு மெயில் அனுப்ப வேண்டும். “எண்ணிக்கை சரிபார்ப்புக்கு உட்பட்டது” என்று ஒரு முத்திரை வைத்திருந்து எல்லா ரசீதிலும் குத்திவிடும் கிடங்குகள் உண்டு. எது குறைந்தது, எது உடைந்தது என்று சொல்லாத முத்திரை, தகராறு வரும்போது பெரிதாகக் கைகொடுக்காது.

ஷாம்பு விஷயமும் பழைய பேட்ச் விஷயமும் எல்.ஆரில் வராது என்பதைக் கவனித்திருப்பீர்கள். லாரிக்காரர் பொறுப்பேற்றது 265 பெட்டிக்கு. பிரிக்காத பெட்டிக்குள் எத்தனை பாட்டில், அதில் என்ன தேதி என்பது அவர் கணக்கில் இல்லை. அது அனுப்பிய கம்பெனியோடு தீர்க்க வேண்டியது. எந்தக் குறையை யாரிடம் சொல்வது என்று பிரிக்கத் தெரியாவிட்டால், சரியான புகாரும் தப்பான ஆளிடம் போய் நின்றுவிடும்.

வண்டி கிளம்பிய பின், அதே நாளில், வரவுக் குறிப்பு போட வேண்டும். ஜி.ஆர்.என். என்று கிடங்கில் சொல்வது இதைத்தான். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல கம்ப்யூட்டர் நிரல்களில் ஆர்டர் எண்ணைத் தட்டியதும் வந்த அளவு என்ற கட்டத்தில் ஆர்டர் அளவு தானாகவே வந்து நிற்கும். வரிசையாக என்டர் தட்டிக்கொண்டே போனால் குறிப்பு தயார். மேடையில் காலித் தாள் வைத்து எண்ணியதெல்லாம் அங்கே வீணாகிவிடும். அந்தக் கட்டம் காலியாகத் திறக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நிரல்களில் அது முடியும்.

நம் லோடின் வரவுக் குறிப்பு இப்படி வரும். சோப்பு: ஆர்டர் 3,240, பில் 3,240, வந்தது 3,192, குறைவு 48. ஷாம்பு: ஆர்டர் 1,800, பில் 1,200, வந்தது 1,200. எண்ணெய்: ஆர்டரும் பில்லும் வந்ததும் 1,600, அதில் ஏற்றது 1,360, நிறுத்தியது 200, நிராகரித்தது 40. ஷாம்பில் பில்லும் வரவும் ஒன்று என்பதால் பணத் தகராறு இல்லை. ஆர்டரில் 600 பாக்கி நிற்கிறது, அவ்வளவே. சோப்பிலும் எண்ணெயிலும்தான் பில்லுக்கும் ஏற்றதற்கும் இடைவெளி.

இந்த இடைவெளியைச் சட்டமும் பார்க்கிறது. 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, குறைவாக வந்தால் முழுதையும் மறுக்கலாம். வந்ததை ஏற்றுக்கொண்டால் அதற்கு மட்டும் ஒப்பிய விலையில் பணம் தர வேண்டும். கூடுதலாக வந்தால் ஆர்டர் அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம். மறுத்ததைத் திருப்பி அனுப்பும் கடமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வாங்கியவருக்கு இல்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே கருதப்படும். லாரிக்காரர் மீது வழக்கு போடுவதானால், 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பியவர் குறு, சிறு தொழில் பதிவு உள்ளவரானால் கெடு இன்னும் குறுகியது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த நாளே ஏற்ற நாளாகும். பணம் கொடுக்க வேண்டிய தவணை அன்றிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். ஜி.எஸ்.டி.யிலும், கைக்கு வராத சரக்குக்கு வரி வரவு எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 48 சோப்புக்கும் இது பொருந்தும்.

இதற்கு மேல் வேலை கணக்குப் பிரிவுக்கு. ஆர்டர், வரவுக் குறிப்பு, பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுகிறார்கள். 48 சோப்புக்கும் 40 பாட்டில் எண்ணெய்க்கும் கம்பெனியிடம் கிரெடிட் நோட் கேட்டு, அந்தத் தொகையை நிறுத்திவைத்து மீதியைப் பணமாக அனுப்புகிறார்கள். கம்பெனி அதைத் தன் லாரி ஒப்பந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளும், எல்.ஆரின் பிரதி அதற்குத் தேவைப்படும். மஞ்சள் அட்டை தொங்கும் பத்துப் பெட்டி எண்ணெய்க்கு பர்சேஸ் ஆபீஸ் பதில் சொல்லும்வரை அந்த வரிக்குப் பணம் போகாது. ஷாம்பின் 600 பாட்டில் பாக்கியை அனுப்பச் சொல்வதா, ஆர்டரை அதோடு முடிப்பதா என்பதும் அவர்கள் முடிவுதான். ஆனால் அடுத்த ஆர்டர் போவதற்குள், பொருள் பட்டியலில் ஷாம்புக்கு எதிரே இருக்கும் 36-ஐ 24 ஆக மாற்றச் சொல்லிக் கிடங்கிலிருந்தே எழுத்தில் போக வேண்டும், ஏனென்றால் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.